பஷ்மினா சால்வை: குஞ்சம், நெசவு, லேபிள் ஆகியவற்றின் படங்களை வைத்துப் போலியை அறிதல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விற்பவர் அனுப்பும் படங்களை மட்டும் பார்த்து, சால்வை அசலா போலியா என்று சொல்லிவிட முடியுமா?

போலி என்று பல நேரங்களில் உறுதியாகச் சொல்ல முடியும். அசல் என்று ஒருபோதும் உறுதியாகச் சொல்ல முடியாது. நல்ல கைபேசியில் எடுத்த படம் நூல் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது, நீளவாட்டு நூலான பாவும் குறுக்குவாட்டு நூலான ஊடையும் எவ்வளவு ஒழுங்காக அமைந்திருக்கின்றன, லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, அது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பவற்றைத் தெளிவாகக் காட்டும். ஆனால் பஷ்மினாவைப் பஷ்மினாவாக்குவது அதன் மயிரிழையின் மென்மை. அந்த இழையின் குறுக்களவு 16 மைக்ரானுக்குள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். அந்த அளவைக் கைபேசிப் படம் காட்டாது. ஆகவே படம் பேசுவது செய்முறையைப் பற்றி, மூலப்பொருளைப் பற்றியன்று. விற்பவர் செய்முறையைப் பற்றிச் சொல்வது படத்தோடு பொருந்தவில்லை என்றால், மூலப்பொருளைப் பற்றி அவர் சொல்வதையும் நம்புவதற்குக் காரணம் இல்லை.

அசல் என்பதற்குக் கடைக்கு ஒரு விளக்கம் சொல்கிறார்கள். எதை அளவுகோலாகக் கொள்வது?

‘காஷ்மீர் பஷ்மினா’ என்ற பெயருக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிபந்தனைகளையே அளவுகோலாகக் கொள்வது நல்லது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில் வளரும் சாங்தாங்கி ஆடுகளின் அடிமயிர் மட்டுமே கலப்பில்லாமல் இருக்க வேண்டும்; இழை 16 மைக்ரானுக்கு மேற்படக் கூடாது; நூல் கையால் நூற்கப்பட்டிருக்க வேண்டும்; துணி கைத்தறியில் நெய்யப்பட்டிருக்க வேண்டும். லடாக் பஷ்மினாவுக்கு 2023-இல் தனியே புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

இந்த நான்கு நிபந்தனைகளில் இரண்டு செய்முறை பற்றியவை என்பதைக் கவனியுங்கள். மங்கோலியாவிலோ சீனாவிலோ வளர்ந்த ஆட்டின் அடிமயிரை ஆலையில் நூற்று விசைத்தறியில் நெய்தால் கிடைப்பது ‘கேஷ்மியர்’ எனப்படும் உயர்ந்த ஆட்டுமயிர்க் கம்பளியாக இருக்கலாம். நேர்மையாக அப்படியே சொல்லி விற்றால் அதில் குறை ஒன்றும் இல்லை. அதையே காஷ்மீரத்துக் கைவேலை என்று சொல்லி விற்பதுதான் மோசடி. அந்த மோசடியில் முதலில் வேலையை இழப்பவர்கள், வீட்டில் ‘யெந்தர்’ எனப்படும் இராட்டையில் உட்கார்ந்து இந்த நூலை நூற்கும் காஷ்மீரப் பெண்கள். அவர்களுடைய உழைப்பு நூலில் விட்டுச்செல்லும் அடையாளங்களே நமக்கு மிக நம்பகமான சான்றும் ஆகின்றன.

குஞ்சம் முறுக்கியிருந்தால் போலி, முறுக்காமல் குட்டையாக இருந்தால் அசல் என்கிறார்களே, சரியா?

அந்த விதியில் பாதி உண்மை இருக்கிறது. காஷ்மீரத்துச் சாதாரணப் பஷ்மினா சால்வைகளில், தறியிலிருந்து அறுத்த பாவு நூல்களின் முனைகள் குட்டையாக, பெரும்பாலும் முறுக்காமல் அப்படியே விடப்படுகின்றன. ஆனால் நேபாளத்தில் செய்யப்படும் சால்வைகளில் பாவு முனைகளைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கையால் முறுக்கி முடிச்சிடும் வழக்கம் பரவலாக உண்டு. காஷ்மீரத்திலும் வாங்குவோர் விருப்பத்துக்காகச் சிலர் அப்படிச் செய்கிறார்கள். முறுக்கு இருப்பதும் இல்லாததும் தனியாக எதையும் நிறுவாது. முறுக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கையால் முறுக்கிய குஞ்சத்தில் ஒரு கொத்தில் எடுத்த நூல்களின் எண்ணிக்கை அடுத்த கொத்தில் சற்று மாறும். சில கொத்துகள் இறுகியும் சில தளர்ந்தும் இருக்கும். முடிச்சுகள் ஒரே கோட்டில் விழாமல் மேலும் கீழுமாக நிற்கும். குஞ்சம் முறுக்கும் இயந்திரமோ ஒவ்வொரு கொத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுகளைக் கொடுக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பத்துக் கொத்துகளில் தலா ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை சுற்றுகள் என்று எண்ணினால், எல்லாவற்றிலும் ஒரே எண் வரும். இயந்திரம் முறுக்கியது என்பதாலேயே சரக்கு போலி ஆகிவிடாது. ‘எல்லாம் கைவேலை’ என்று சொன்ன விற்பவரின் வார்த்தை மட்டும் பொய்யாகிறது.

குஞ்சத்தின் நுனியையும் பாருங்கள். செயற்கை இழையாக இருந்தால், அவிழாமல் இருக்க நுனியைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருக்கலாம்; அப்படியானால் பளபளப்பான, கடினமான சிறு மணி போல அது படத்தில் தெரியும். ஆட்டு மயிர் உருகாது. மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையின் குஞ்சத்தை வேறு விதமாக அறியலாம். அது கனமாக நேர்கோட்டில் தொங்கும். பட்டுத்துணி போல ஒளியைத் திருப்பி அனுப்பும். பஷ்மினா நூலைச் சுற்றிப் பஞ்சு போன்ற மெல்லிய பூஞ்சை மயிர் நிற்பதால் அதன் ஓரம் படத்தில் சற்றே மங்கலாகத் தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குஞ்சம் தொடங்கும் இடம். குஞ்சம் என்பது பாவின் தொடர்ச்சி. துணிக்குள் ஓடும் அதே நூல், அதே நிறத்தில், அதே பருமனில் வெளியே வர வேண்டும். துணியின் விளிம்பு மடித்துத் தைக்கப்பட்டு, அதன்மேல் வேறு நூலால் செய்த குஞ்சம் இணைக்கப்பட்டிருந்தால், அந்தத் துணி அகலமான ஒரு சுருளிலிருந்து வெட்டப்பட்டது. அதற்குமேல் ஆராயத் தேவையில்லை.

குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு நூலை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். அதில் என்ன பார்ப்பது?

அந்த ஆலோசனை சொன்னவர் விவரம் தெரிந்தவர். விற்பவரிடம் ஒரு பாவு நூலைப் பிரித்து, கறுப்புத் தாளின்மேல் நேராக வைத்து, பக்கத்தில் அளவுகோலுடன், சன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று செய்திகள் அதில் கிடைக்கும்.

முதலாவது, நூல் எத்தனை புரி கொண்டது என்பது. காஷ்மீரத்துக் கைநூல் வழக்கமாக இருபுரி நூல்: தனித்தனியாக நூற்ற இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியது. நுனியை இரு விரலுக்கிடையில் முறுக்குக்கு எதிராக உருட்டினால் அது இரண்டாகப் பிரியும். ஆலை நூலிலும் இருபுரி உண்டு என்பதால் இது ஒரு தொடக்கம் மட்டுமே.

இரண்டாவது, பருமன். இராட்டையில் நூற்பவர் விரலால் மயிரை விட்டுக்கொடுத்துக்கொண்டே போவதால், ஒற்றை நூல் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் தடித்தும் போகிறது. அப்படிப்பட்ட இரண்டை முறுக்கும்போது, ஒன்றின் மெலிந்த பகுதி மற்றதன் தடித்த பகுதியைச் சுற்றிக்கொள்கிறது. புரியின் சாய்வு சில இடங்களில் நெருங்கியும் சில இடங்களில் விரிந்தும் தெரிகிறது. ஆலை நூலில் இந்தச் சாய்வு தொடக்கம் முதல் இறுதிவரை மாறாது. தேர்ந்த கை நூற்றது மிகச் சீராகத்தான் இருக்கும். எனவே ஒரு நூலை வைத்து முடிவு செய்யாமல் குஞ்சம் முழுவதையும் பாருங்கள். முப்பது நாற்பது நூல்களில் ஒன்றில்கூடத் தடிப்போ மெலிவோ இல்லை என்றால் அது ஆலை நூல்தான்.

மூன்றாவது, நைலான். பஷ்மினா இழை குட்டையானது, வலுக்குறைந்தது. ஆலையின் வேகத்துக்கு அது அறுந்துபோகும். அதனால் நைலானைக் கலந்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் கழுவி நைலானைக் கரைக்கும் முறை பரவியது. கரைசலில் மயிரிழையும் கெடுகிறது. துணி தொடுவதற்கு உயிரற்றதாகி, சீக்கிரம் நைந்துபோகிறது. சில சரக்குகளில் நைலான் அப்படியே மிஞ்சியும் இருக்கும். மலிவான பெரிதாக்கும் வில்லை ஒன்றைக் கைபேசியில் பொருத்தி எடுத்தால், பூஞ்சை மயிர்களுக்கிடையே வழவழப்பாக, நீளமாக, கண்ணாடிபோல் மின்னும் இழைகள் தெரிகின்றனவா என்று பார்க்கலாம். தெரிந்தால் கலப்பு என்று ஐயப்பட அது போதும். தெரியாவிட்டால் கலப்பில்லை என்று பொருளாகாது.

நெசவு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு உயர்ந்தது என்று கடைக்காரர் சொன்னார். நெருக்கத்தை எப்படி அளப்பது?

நெருக்கம் தரத்தின் அளவு அன்று. பஷ்மினா காற்றைத் தன் இழைகளுக்கிடையே வைத்துக்கொள்வதால்தான் வெதுவெதுப்பாக இருக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கி நெய்தால் அந்தக் குணம் போய்விடும். நாம் தேடுவது நெருக்கத்தின் அளவை அன்று, நெருக்கம் இடத்துக்கு இடம் மாறுகிறதா என்பதை.

துணியின்மேல் அளவுகோலை வைத்து நேர்மேலிருந்து படம் எடுக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை நூல்கள் என்று, ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள ஐந்து இடங்களில் எண்ணுங்கள். இங்கே பலர் பாவு நூல்களை எண்ணி ஏமாறுகிறார்கள். பாவு நூல்களின் இடைவெளியை நிர்ணயிப்பது தறியின் அச்சு. சீப்பின் பற்களுக்கிடையே நூலைச் செலுத்துவதுபோல ஒவ்வொரு நூலும் அதன் இடத்தில் நிறுத்தப்படுகிறது. கைத்தறியிலும் விசைத்தறியிலும் இது ஒன்றுதான், ஆகவே பாவு இரண்டிலும் ஏறத்தாழ ஒழுங்காகவே இருக்கும். ஊடை அப்படி அன்று. ஒவ்வொரு ஊடையையும் நெசவாளர் தம் கையால் அடித்து நெருக்குகிறார். அந்த அடியின் வலு காலையில் ஒன்றாகவும் களைத்த மாலையில் வேறாகவும் இருக்கும். நூலின் பருமனும் மாறிக்கொண்டே போகும். எனவே ஊடையை எண்ணுங்கள். கைத்தறித் துணியில் 18, 20, 19, 17, 20 என்பதுபோல எண்கள் அலையும். ஐந்து இடத்திலும் ஒரே எண் வந்தால் அது விசைத்தறி என்று கொள்ள வலுவான காரணம் உண்டு.

துணியைச் சன்னலுக்கு எதிரே பிடித்து எடுத்த படமும் உதவும். கைநெசவில் ஒளி ஊடுருவும் சிறு இடைவெளிகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். ஆங்காங்கே ஊடை சற்றுத் தளர்ந்த வரி ஒன்று குறுக்கே ஓடும். நெய்த பிறகு மேற்பரப்பைத் தேய்த்துப் பூஞ்சை மயிரை எழுப்பிய துணியில் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும். அத்தகைய துணியில் குஞ்சத்தை ஒட்டிய விரற்கடை அகலத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் நெசவு வெளிப்படையாகத் தெரியும்.

நீளவாட்டு ஓரத்தைப் படம் எடுக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். ஊடை நூலைச் சுமக்கும் நாடா இங்குமங்கும் ஓடும் கைத்தறியில் ஊடை ஒவ்வொரு முறையும் ஓரத்தில் திரும்பி மீண்டும் உள்ளே செல்வதால், தைக்காமலேயே ஓரம் மூடியிருக்கும். ஓரம் மடித்துத் தைக்கப்பட்டிருந்தாலோ, வெட்டிய நூல்முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தாலோ, அது நாடாத் தறியில் அந்த அகலத்துக்கென்று நெய்த சால்வை அன்று.

சாதாரண நெசவா, வைர வடிவம் தெரியும் நெசவா, எது அசல்?

இரண்டுமே. சாய்வரியாகச் செல்லும் ட்வில் நெசவும், ‘சஷ்மே புல்புல்’ எனப்படும் சிறு வைரக்கட்ட நெசவும், ஒன்றுவிட்டு ஒன்று பின்னும் எளிய நெசவும் காஷ்மீரத்தில் வழங்குபவை. விசைத்தறியும் இவை அனைத்தையும் நெய்யும் என்பதால் வடிவத்தை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

லேபிளில் ‘நூறு சதவீதம் பஷ்மினா’ என்று அச்சிட்டிருக்கிறது. அது சட்டப்படியான உறுதிமொழிதானே?

அந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுத் தைக்கலாம். தெருவோரத்து விஸ்கோஸ் சால்வையிலும் இதே வாசகம் உண்டு. அமெரிக்காவில் கம்பளிப் பொருள்களுக்கான சட்டம் மயிரிழையின் பெயரையும் விகிதத்தையும் லேபிளில் குறிப்பிடச் சொல்கிறது. பஷ்மினா என்று விளம்பரம் செய்தாலும், உள்ளே இருப்பது கேஷ்மியரா, பட்டுக் கலப்பா, வேறு கம்பளியா என்பதை லேபிள் உண்மையாகச் சொல்ல வேண்டும். எனவே ‘பஷ்மினா’ என்று மட்டும் இருந்து, இழையின் விவரமே இல்லாத லேபிள் எதையும் சொல்லாத லேபிள்.

லேபிள் படத்தில் நான் முதலில் தேடுவது முரண்பாடு. பெரிய லேபிள் நூறு சதவீதம் பஷ்மினா என்கிறது. மூலையிலிருக்கும் சிறு லேபிள் 70 சதவீதம் பஷ்மினா, 30 சதவீதம் பட்டு என்கிறது. விற்பனைப் பக்கம் மூன்றாவது ஒன்றைச் சொல்கிறது. இப்படி முரண்படும் சரக்கில் எந்த எண்ணும் உண்மையாக இருக்கத் தேவையில்லை. லேபிள் தைக்கப்பட்டிருந்தால் போலி, ஒட்டப்பட்டிருந்தால் அசல் என்ற பேச்சு ஒன்று உலவுகிறது; அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஒட்டுவதும் தைப்பதும் யாருக்கும் எளிது.

விற்பவர் புவிசார் குறியீட்டு லேபிளின் படத்தை அனுப்பிவிட்டார். இது போதாதா?

அந்த லேபிள் மற்ற லேபிள்களைப் போன்றது அன்று. ஸ்ரீநகரில் கைவினை மேம்பாட்டு நிறுவனத்தில் 2013 முதல் இயங்கும் பஷ்மினா சோதனை மையத்தில், ஒவ்வொரு சால்வையையும் தனித்தனியே சோதித்த பிறகு தனி எண்ணுடன் அது பொருத்தப்படுகிறது. எனவே அசல் லேபிள் உண்மையான சான்று. ஆனால் உங்களிடம் வந்திருப்பது லேபிள் அன்று, லேபிளின் படம். ஒரு சால்வைக்குக் கிடைத்த லேபிளைப் படமெடுத்து, நூறு சால்வைகளை அதன் பெயரில் விற்க முடியும்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். படத்தில் லேபிளைச் சுற்றித் தெரியும் துணி, நீங்கள் வாங்கவிருக்கும் துணிதானா: நிறமும் நெசவும் ஒன்றா? எண் முழுமையாகப் படிக்கும்படி இருக்கிறதா, அதே எண் வேறு விற்பனைப் படங்களில் வருகிறதா? லேபிளும் குஞ்சமும் ஒரே படத்தில் வரும்படி துணியை மடித்து, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாளை வைத்து எடுத்துத் தருவாரா? கடைசிக் கேள்விக்கு நேர்மையான விற்பவர் தயங்கமாட்டார். கைபேசியால் ஸ்கேன் செய்யும் கியூஆர் குறியீட்டுச் சதுரம் இருந்தால், அது திறக்கும் பக்கம் சான்று வழங்கிய அமைப்பினுடையதா, விற்பவருடைய சொந்தப் பக்கமா என்பதையும் பாருங்கள்.

காஷ்மீரத்தில் கையால் நெய்தது என்று சொல்லி, 6,500 ரூபாய்க்கு வெளிர்பழுப்பு நிறச் சால்வை ஒன்று விற்கிறார்கள். குஞ்சம் முறுக்காமல் குட்டையாகவும் இருக்கிறது. படங்களை அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

நீங்கள் அனுப்பிய படங்களை வரிசையாகப் பார்ப்போம். குஞ்சம் இரண்டு சென்டிமீட்டர் அளவில், முறுக்காமல், பாவின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. முதற்பார்வையில் குறை இல்லை. பெரிதாக்கினால், தெளிவாகத் தெரியும் நாற்பது நூல்களும் இருபுரி நூல்கள்தான். ஆனால் ஒன்றில்கூடத் தடிப்பு இல்லை, புரியின் சாய்வு எங்கும் மாறவில்லை. இது ஆலை நூல்.

இரண்டாவது படத்தில், அளவுகோலை ஒட்டி ஐந்து இடங்களில் ஊடையை எண்ணியதில் 24, 24, 24, 25, 24 என்று வருகிறது. எண்ணுவதில் நேரக்கூடிய பிழையைக் கழித்தால் இது ஒரே எண். அதே படத்தின் மூலையில் நீளவாட்டு ஓரம் சற்றே தெரிகிறது. அது மடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. அகலமான துணியிலிருந்து வெட்டியிருக்கிறார்கள்.

மூன்றாவதாக, புவிசார் குறியீட்டு லேபிளின் படம். லேபிளுக்குப் பின்னால் தெரியும் துணி வெளிர்பழுப்புத்தான், ஆனால் அதில் சிறு வைரக்கட்டங்கள் இருக்கின்றன. உங்களுக்கு விற்கப்படும் சால்வையோ எளிய நெசவு. அந்த லேபிள் உண்மையானதாகவே இருக்கலாம். அது வேறொரு சால்வையின் லேபிள்.

விலையும் இதையே சொல்கிறது. ஒரு சால்வைக்கு ஏறத்தாழ மூன்று ஆடுகள் ஓராண்டில் தரும் அடிமயிர் தேவைப்படும். பிறகு அதைத் தூய்மை செய்து, நூற்று, நெய்ய வேண்டும். கைநூற்பும் கைநெசவும் சேர்ந்த முழுச் சால்வை இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. உள்ளே இருப்பது நல்ல கம்பளியா இல்லையா என்பதைப் படத்தால் சொல்ல முடியவில்லை. விற்பவர் சொன்ன இரண்டு செய்திகள், கைவேலை என்பதும் சான்று பெற்றது என்பதும், பொய் என்று சொல்ல முடிகிறது. வாங்க வேண்டாம்.

கைநூல், கைநெசவு எல்லாம் சரியாக இருந்து, மயிர் மட்டும் மெல்லிய மெரினோ ஆட்டுடையதாக இருந்தால்?

அந்த இடத்தில் படங்களின் வேலை முடிந்துவிடுகிறது. மெல்லிய செம்மறிக் கம்பளியையும் பஷ்மினாவையும் வேறுபடுத்த, இழையின் குறுக்களவையும் மேற்பரப்பிலுள்ள செதில்களின் அமைப்பையும் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த சால்வை என்றால், சோதனை மையத்தின் சான்று இல்லாமல் முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள்; விற்பவர் மறுத்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை எழுத்தில் பெற்றுக்கொண்டு, வாங்கிய பின் நீங்களே சோதிக்கக் கொடுக்கலாம்.

விற்பவர் சால்வையை மோதிரத்தின் வழியே இழுத்துக் காட்டினார். குஞ்சத்தின் நூலை எரித்தும் காட்டினார். இவற்றை நம்பலாமா?

மோதிரச் சோதனை துணியின் மெல்லிய தன்மையைக் காட்டும். மெல்லிய விஸ்கோஸும் பட்டும் அதன் வழியே வழுக்கிச் செல்லும், கனமாக நெய்த நல்ல பஷ்மினா சிக்கிக்கொள்ளும். எரிக்கும் சோதனைக்குச் சற்று மதிப்பு உண்டு: விஸ்கோஸ் காகிதம் எரியும் வாசனையுடன் எரியும், நைலானும் பாலியெஸ்டரும் உருகி உருண்டையாகும், விலங்கு மயிர் தீய்ந்த முடியின் வாடை வீசி, நொறுங்கும் சாம்பலாகும். ஆனால் எந்த விலங்கின் மயிரானாலும் வாடை அதுதான். எரித்த நூல் உங்கள் கண்முன் அந்தச் சால்வையின் குஞ்சத்திலிருந்தே பிரிக்கப்பட்டதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். கையில் தயாராக வைத்திருந்த நூலை எரித்துக் காட்டினால் அதைச் சோதனையாகக் கொள்ளாதீர்கள்.